பத்திரிகை போட்டோ, காலண்டர், "வந்துடறோம் மாமா": எங்கே தப்பும், எப்படிப் பிடிப்பது

எங்கள் வீட்டில் யார் போனுக்குக் கல்யாணப் பத்திரிகை போட்டோ வந்தாலும் கடைசியில் அது என் போனுக்குத்தான் வந்து சேரும். "காலண்டர்ல போட்டு வை, வர்றோம்னு ஒரு பதிலும் அனுப்பிடு" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விடுவார். இரண்டு நிமிட வேலை மாதிரிதான் தெரியும். போன தை மாதம் அந்த இரண்டு நிமிட வேலையில் நான் செய்த தப்பு ஒரு வாரம் வரை ஒருவர் கண்ணிலும் படவில்லை. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். உங்கள் போனில் தெரியும் கோளாறு எது என்று பார்த்து, நேராக அந்தத் தலைப்புக்குப் போய்க்கொள்ளலாம்.

எடுத்துக்காட்டாக அந்தப் பத்திரிகையையே வைத்துக்கொள்வோம். போச்சம்பள்ளியில் இருக்கும் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி, எனக்கு மாமா, மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். தருமபுரிக்கு நேரில் வந்து பத்திரிகை வைக்க முடியவில்லை என்று போனில் வருத்தப்பட்டுவிட்டு வாட்ஸ்ஆப்பில் போட்டோ அனுப்பினார். பெயர்களை விட்டுவிட்டால் அதில் இருந்த முக்கியமான வரிகள் இவ்வளவுதான்:

"நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம் தை மாதம் 25ஆம் தேதி (08.02.2026) ஞாயிற்றுக்கிழமை காலை 5.15 மணிக்கு மேல் 6.45 மணிக்குள் மகர லக்னத்தில்…"

அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: "வரவேற்பு: 07.02.2026 சனிக்கிழமை மாலை 6.30 மணி."

கோளாறு: போட்டோவிலிருந்து எழுத்து வரவில்லை, அல்லது குப்பையாக வருகிறது

கூகுள் லென்ஸ் தமிழ் எழுத்தை நன்றாகவே படிக்கும். அது திணறினால் முதலில் போட்டோவைத்தான் சந்தேகப்பட வேண்டும். அரக்கு நிற அட்டையில் தங்க ஜிகினா எழுத்து என்றால் கேட்கவே வேண்டாம், ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் பாதி வரி வெள்ளைத் திட்டாகப் போயிருக்கும். அட்டை உங்கள் கையிலேயே இருந்தால் ஃபிளாஷை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். அட்டையை மெதுவாகச் சாய்த்துக்கொண்டே வந்தால் ஒரு கோணத்தில் எழுத்தின் பளபளப்பு அடங்கி, முழு வரியும் ஒரே நிறமாகத் தெரியும். அந்த இடத்தில் நிறுத்தி எடுங்கள். ஜிகினா கண்ணாடி மாதிரிதான், எதிரே இருப்பதைத்தான் காட்டும். கறுப்புச் சட்டையோடு எதிரே நின்று எடுத்தால்கூட வித்தியாசம் தெரியும்.

அட்டை உங்களிடம் இல்லை, வாட்ஸ்ஆப்பில் வந்த படம்தான் இருக்கிறது என்றால் அது நாலு குரூப் சுற்றித் தேய்ந்து வந்ததாக இருக்கலாம். அனுப்பியவரிடம் அதே படத்தை டாக்குமென்டாக ஒரு தடவை அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் படம் சுருங்காது. கூடவே உள்பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். பிள்ளையார் படம் போட்ட மேலட்டையை மட்டும் எடுத்து அனுப்பிவிட்டு "பத்திரிகை அனுப்பிட்டேன்" என்று சொல்பவர்கள் நிறைய.

எழுத்து வந்த பிறகும் சில குறிகள் தவறாக வரும். உச்சியில் இருக்கும் பிள்ளையார் சுழி "உ" பல தடவை "2" என்று வரும். அது தனியாக இருக்கும்வரை தொல்லையில்லை, தேதி வரியோடு ஒட்டிக்கொண்டால்தான் வம்பு. பழைய முறைப்படி அச்சடித்தவர்கள் வருடம், மாதம், தேதி என்று எழுதாமல் ௵, ௴, ௳ என்ற குறிகளைப் போட்டிருப்பார்கள். இவற்றை எந்த எழுத்தாகப் படிக்கிறது என்பது அந்தந்த போனின் அதிர்ஷ்டம். "தை மீ" என்று வந்தால் அந்த "மீ" மாதக் குறி என்று புரிந்துகொண்டு மேலே போகலாம்.

இன்னொன்று. வந்தது போட்டோ இல்லாமல் பிடிஎஃப் என்றால், அதில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்தபோது இப்படி வந்திருக்கலாம்:

```
jpUkz miog;gpjo;
```

கோப்பு கெட்டுப்போகவில்லை. "திருமண அழைப்பிதழ்" என்பதை அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். கண்ணுக்குத் தமிழ், உள்ளே ஆங்கிலம். எளிய வழி, நகலெடுப்பதை விட்டுவிட்டுத் திரையைப் படம் பிடித்து அந்தப் படத்தை லென்ஸில் படிக்க வைப்பது. வடிவத்தைத்தானே அது பார்க்கிறது, சரியாகவே வரும்.

கோளாறு: தேதி பல மாதம் தள்ளிப் போய் உட்கார்ந்திருக்கிறது

நான் மாட்டிக்கொண்டது இதில்தான். படத்தில் 08.02.2026 என்ற இடத்தை அழுத்தினேன். காலண்டரில் சேர்க்கவா என்று போன் கேட்டது, சேர்த்தேன். சேர்ந்தது ஆகஸ்ட் 2ஆம் தேதியில். போன் வாங்கிய நாளிலிருந்து அதன் மொழி அமெரிக்க ஆங்கிலமாகவே இருந்திருக்கிறது. அமெரிக்க வழக்கில் மாதம் முதலில், தேதி பிறகு. நமக்கு எட்டாம் தேதி இரண்டாம் மாதம் என்பது அவர்களுக்கு எட்டாம் மாதம் இரண்டாம் தேதி. நாள் 12-ஐத் தாண்டினால் இந்தக் குழப்பமே வராது. 25.02.2026 என்றால் இருபத்தைந்தாவது மாதம் கிடையாதே. முதல் 12 நாட்களுக்குள் வரும் முகூர்த்தங்கள்தான் ஆபத்து.

இதற்கு எல்லோரும் சொல்லும் சோதனை கிழமையைப் பார்ப்பது. பத்திரிகையில் ஞாயிறு என்று இருந்து காலண்டரில் செவ்வாய் என்று வந்தால் தப்பு உடனே தெரிந்துவிடும். நானும் பார்த்தேன். ஆகஸ்ட் 2, 2026 ஞாயிற்றுக்கிழமை! பிப்ரவரி 8ஆம் தேதியும் ஞாயிற்றுக்கிழமைதான். இரண்டுக்கும் நடுவே 175 நாள், சரியாக 25 வாரம். அதனால் கிழமை இரண்டுக்கும் ஒத்துப்போகிறது. "அப்பாடா, சரியா இருக்கு" என்று போனை வைத்துவிட்டேன். கிழமை ஒத்துப்போகவில்லை என்றால் தேதி தப்பு என்று நிச்சயமாகச் சொல்லலாம். ஒத்துப்போனால் தேதி சரி என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. அன்றைக்குத்தான் இது எனக்கு உறைத்தது.

கண்டுபிடித்தது அம்மா. ஒரு வாரம் கழித்து எதற்கோ போனை வாங்கிப் பார்த்தவர், "ஆகஸ்டு ரெண்டா? அது ஆடி மாசம்டா. மறுநாள் பதினெட்டாம் பெருக்கு, ஊரே ஒகேனக்கல்ல இருக்கும். ஆடியில எவனாவது பத்திரிகை அடிப்பானா?" என்றார்.

அந்த ஒரு கேள்வியில் முழுச் சோதனையும் இருக்கிறது. பத்திரிகையில் தேதியை மூன்று விதமாக அச்சடிக்கிறார்கள்: தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை. போன் நடுவில் இருப்பதை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறது. தமிழ்த் தேதியை வைத்து அதைச் சரிபார்க்கலாம். 2026இல் தை 1 ஜனவரி 15ஆம் தேதி வந்தது. ஆகவே தைத் தேதியோடு 14 கூட்டினால் ஜனவரித் தேதி. 25உடன் 14 சேர்த்தால் 39, அதில் ஜனவரியின் 31ஐக் கழித்தால் 8. பிப்ரவரி 8, கணக்கு முடிந்தது. மற்ற மாதங்களுக்கு இந்த 14 மாறும். அந்த மாதம் 1ஆம் தேதி ஆங்கிலத்தில் என்ன தேதி என்று சுவரில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரைக் கிழிக்காமல் புரட்டிப் பார்த்தால் போதும்.

வருடப் பெயரும் கைகொடுக்கும். விசுவாவசு வருடம் 2026 ஏப்ரல் 13ஆம் தேதியோடு முடிந்தது. ஆகஸ்டில் கல்யாணம் என்றால் பத்திரிகையில் பராபவ வருடம் என்று இருந்திருக்க வேண்டும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து தெலுங்கிலோ கன்னடத்திலோ அடித்த பத்திரிகை வந்தால் மட்டும் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அவர்கள் மாதம் அமாவாசையை வைத்து நடப்பது, நம் மாதம் சூரியனை வைத்து. இதே பிப்ரவரி 8ஆம் தேதி அவர்கள் பத்திரிகையில் மாக மாதம் என்றுதான் இருக்கும். மாகம் என்றால் மாசி என்று மொழிபெயர்த்துக்கொண்டு தேடினால் பிப்ரவரி 13க்குப் பிறகுதான் தேடுவீர்கள், கல்யாணம் முடிந்திருக்கும். அவர்கள் வருடமும் யுகாதியில் மாறிவிடுகிறது. 2026இல் யுகாதி மார்ச் 19, நம் சித்திரை 1 ஏப்ரல் 14. இடைப்பட்ட நாட்களில் அவர்களுக்குப் பராபவ, நமக்கு விசுவாவசு. இப்படிப்பட்ட பத்திரிகைக்கு ஆங்கிலத் தேதி, கிழமை இரண்டையும் பார்த்துவிட்டு, பேசாமல் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவதுதான் நல்லது.

நிரந்தர வைத்தியம் ஒன்று உண்டு. போனின் அமைப்புகளில் மொழியை இந்திய ஆங்கிலம் என்றோ தமிழ் என்றோ மாற்றிவிடுங்கள். ஆனாலும் நான் இப்போது தேதியை அழுத்திச் சேர்ப்பதையே விட்டுவிட்டேன். காலண்டரைத் திறந்து, பிப்ரவரிக்குப் போய், 8ஆம் கட்டத்தைத் தொட்டு, கையால்தான் போடுகிறேன். லென்ஸ் படித்துக் கொடுத்த எழுத்தை விவரக் குறிப்பில் ஒட்டி வைப்பதோடு அதன் வேலை முடிந்தது.

கோளாறு: விடியற்காலை முகூர்த்தம் சாயங்காலமாகிவிட்டது

"காலை 5.15" என்பதில் போன் 5.15ஐ எடுத்துக்கொண்டு "காலை"யை விட்டுவிடும். "விடியற்காலை", "அதிகாலை" என்று இருந்தால் இன்னும் மோசம். காலண்டரில் மாலை 5.15 என்று உட்கார்ந்துகொள்ளும். பார்த்தால் சந்தேகம்கூட வராது, சாயங்காலம் ஐந்தேகால் மணி நியாயமான நேரமாகத்தானே தெரிகிறது.

ராகு காலத்தை வைத்துப் பிடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை 4.30 முதல் 6.00 வரை. அந்த நேரத்தில் யாரும் தாலி கட்ட மாட்டார்கள். முகூர்த்தம் ராகு காலத்துக்குள் விழுந்தால் தப்பு உங்கள் போனில், ஜோசியரிடம் இல்லை. லக்னமும் சாட்சி சொல்லும். தை மாதத்தில் சூரியன் மகர ராசியில் இருப்பதால் சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டித்தான் மகர லக்னம் வரும். மாலையில் அந்த லக்னம் வர வழியே இல்லை. பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாதவர்களுக்கும் இந்த ஒரு விஷயம் நினைவில் நிற்கும்: அந்தந்த மாதத்து ராசிதான் விடியற்கால லக்னம்.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு கோளாறு, சனிக்கிழமை மாலை 6.30 முதல் ஞாயிறு காலை 6.45 வரை ஒரே நிகழ்ச்சியாக நீண்டு கிடப்பது. இரண்டு தேதியைப் பார்த்ததும் ஒன்று தொடக்கம், மற்றது முடிவு என்று போன் முடிவுகட்டிவிடுகிறது. அதை அழித்துவிட்டு இரண்டு பதிவாகப் போடுங்கள், வரவேற்பு தனி, முகூர்த்தம் தனி. வரவேற்புக்கு முடிவு நேரம் பத்திரிகையில் இருக்காது, 9.30 என்று போட்டுக்கொள்ளலாம். முகூர்த்தத்துக்கு "5.15க்கு மேல் 6.45க்குள்" என்பதையே தொடக்கமும் முடிவுமாகப் போடுங்கள். தாலி கட்டுவது அதற்கு நடுவே எப்போது வேண்டுமானாலும் நடக்கும். 6.45 வரை நேரம் இருக்கிறது என்று 6.30க்குப் போனால் பந்தியில்தான் உட்கார வேண்டியிருக்கும்.

நினைவூட்டலையும் மாற்ற வேண்டும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்கு முன்பு அடிக்கிற மாதிரிதான் போனில் இருக்கும். தருமபுரியிலிருந்து போச்சம்பள்ளிக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். 4.45க்கு மணி அடித்து என்ன பயன்? முந்தின நாள் சாயங்காலம் ஒன்று, அன்று அதிகாலை 3 மணிக்கு ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கோளாறு: நமக்குச் சரியாக இருக்கிறது, துபாயில் இருக்கும் தம்பிக்கு நேரம் மாறுகிறது

என் தம்பி துபாயில் இருக்கிறான். அவன் அதே பத்திரிகையைப் பார்த்து, அங்கிருந்தபடியே தன் போனில் 5.15 என்று போட்டுக்கொண்டான். போனுக்கு அது துபாய் நேரம். அது நம் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். விமானம் இறங்கி இந்திய நேரத்துக்குப் போன் மாறியதும் அதே பதிவு 6.45 என்று காட்டியது. முகூர்த்தம் முடிகிற நேரம்! காலண்டரில் நேரத்துக்குப் பக்கத்திலேயே `Time zone` என்று ஒன்று இருக்கும். வெளிநாட்டில் இருப்பவர்கள் பதிவைச் சேமிக்கும் முன் அதில் இந்திய நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே இருக்கும்போது காலண்டரில் அது 3.45 என்றுதான் தெரியும். பயப்பட வேண்டாம், சரியாகத்தான் இருக்கிறது.

நிறைய பேருக்கு அனுப்ப வேண்டியிருந்தால், ஆளுக்கு ஆள் தட்டச்சு செய்யாமல் ஒரே கோப்பாகக் கொடுத்துவிடலாம். நோட்பேடில் இதை அடித்து, யுடிஎஃப்-8 ஆக, `kalyanam.ics` என்ற பெயரில் சேமியுங்கள்:

```
BEGIN:VCALENDAR
VERSION:2.0
PRODID:-//veedu//kalyanam//TA
BEGIN:VEVENT
UID:muhurtham-20260208@veedu
DTSTAMP:20260112T060000Z
DTSTART:20260207T234500Z
DTEND:20260208T011500Z
SUMMARY:திருமண முகூர்த்தம்
LOCATION:போச்சம்பள்ளி
END:VEVENT
END:VCALENDAR
```

`DTSTART` வரியில் 7ஆம் தேதி இரவு 23.45 என்று இருப்பதைப் பார்த்துத் திருத்திவிடாதீர்கள். கடைசியில் இருக்கும் `Z` உலகப் பொது நேரத்தைக் குறிக்கிறது. நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் விடிகாலை 5.15 முந்தின நாள் இரவு 11.45 ஆகிவிடும். திறக்கும் போன் எந்த ஊரில் இருந்தாலும் அந்த ஊர் நேரத்துக்குத் தானே மாற்றிக்கொள்ளும். கணினியில் கூகுள் காலண்டர் வைத்திருப்பவர்கள் அமைப்புகளில் `Import & export` பகுதிக்குப் போய் இதை ஏற்றிக்கொள்ளலாம்.

கோளாறு: இடத்தைத் தொட்டால் வேறு மாநிலத்துக்கு வழி காட்டுகிறது

போச்சம்பள்ளி என்று போட்டால் தெலங்கானாவிலும் ஒன்று உண்டு, சேலைக்குப் பேர்போன பூதான் போச்சம்பள்ளி. தருமபுரி என்றாலும் அங்கே கோதாவரிக் கரையில் நரசிம்மர் கோயில் ஊர் ஒன்று இருக்கிறது. போச்சம்பள்ளி என்றால் உலகத்துக்கு அந்தச் சேலை ஊர்தான் அதிகம் தெரியும். மண்டபத்தின் பெயரும் "மஹால்" என்று பொதுவாக இருந்துவிட்டால் வரைபடம் நேராக ஹைதராபாத் பக்கம் கூட்டிப்போகும். பின்கோடைச் சேர்த்துப் போடுங்கள். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அது 635 அல்லது 636 என்று தொடங்கும், தெலங்கானாவில் 50 என்று தொடங்கும்.

சின்ன ஊர் என்றால் வேறு தொல்லை. நம் பக்கத்தில் பாதி ஊர் "அள்ளி" என்று முடியும், மாரண்டஅள்ளி மாதிரி. வெளியூர்க்காரர் யாராவது தட்டச்சு செய்து அனுப்பினால் அதைப் "பள்ளி" ஆக்கிவிடுவார், போனும் அப்படியே திருத்தும். படத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். மண்டபம் வரைபடத்தில் இல்லவே இல்லை என்றால் மாமாவிடம் மண்டப வாசலில் நின்று இருப்பிடத்தை வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்லலாம். கல்யாண வீட்டுக்காரரை அதற்காக அலையவிடாமல், அந்த ஊரில் இருக்கும் மச்சான் யாரையாவது கேட்பது மரியாதை.

கோளாறு: பதில் அனுப்பினோம், ஆனால் அங்கே யாரும் சந்தோஷப்படவில்லை

இது போனின் கோளாறு இல்லை, நம்முடையது. பொதுவாக நம் ஊரில் பத்திரிகைக்கு எழுத்தில் பதில் சொல்லும் வழக்கம் கிடையாது. நேரில் வந்து தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுக்கும்போதே "வந்துடறோம்" என்று சொல்லி முடித்துவிடுவோம். போட்டோவில் பத்திரிகை வந்தால் அந்தச் சொல் பாக்கி நிற்கிறது. இப்போது சமையலுக்குத் தலைக்கணக்கும் கேட்கிறார்கள். அதனால் பதில் போடுவது நல்லதுதான், எப்படிப் போடுவது என்பதுதான் கேள்வி.

முதலில், யாருக்கு? பத்திரிகையில் முதலில் வரும் பெயரைப் பார்த்துப் பதிலைத் தொடங்கக் கூடாது. எங்களுக்கு வந்ததில் முதல் பெயருக்கு முன்னால் "தெய்வத்திரு" என்று இருந்தது. அது மணப்பெண்ணின் தாத்தா, காலமாகிப் பல வருடம் ஆகிறது. "அமரர்" என்றும் சிலர் போடுவார்கள். பெயரை மட்டும் நகலெடுத்து "ஐயா, வணக்கம்" என்று அனுப்பினால் எப்படி இருக்கும்? அழைப்பவர் யார் என்பது கீழே, "தங்கள் நல்வரவை விரும்பும்" என்ற வரிக்குப் பக்கத்தில் இருக்கும். அதைவிட, போட்டோ யார் அனுப்பினாரோ அவருக்குத்தான் பதில். அவரைப் பெயர் சொல்லி அழைப்பது நமக்கு வழக்கமா? மாமா என்றால் மாமா, சித்தப்பா என்றால் சித்தப்பா.

அடுத்தது, என்ன சொல்வது. நான் முதலில் எழுதி வைத்தது இது:

"தங்கள் அழைப்புக்கு நன்றி. தங்கள் அழைப்பை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்கிறோம். கலந்துகொள்ள முயற்சிக்கிறோம்."

அம்மா படித்துவிட்டு, "மாமாவுக்கு எழுதினியா, பேங்குக்கு எழுதினியா?" என்று கேட்டார். ஏற்றுக்கொள்கிறோம் என்று சொந்தக்காரருக்கு யாரும் சொல்வதில்லை, "வந்துடறோம்" என்றுதான் சொல்வோம். "முயற்சிக்கிறோம்" என்றால் எங்கள் பக்கத்தில் வர மாட்டோம் என்று அர்த்தம். ஏற்றுக்கொண்டு பதில் எழுதும்போது அந்தச் சொல் வரவே கூடாது. எத்தனை பேர் என்றும் இல்லை, வரவேற்புக்கா முகூர்த்தத்துக்கா என்றும் இல்லை. அவருக்குத் தெரிய வேண்டியது அது இரண்டும்தான்.

கடைசியில் போனது இது:

"மாமா, வணக்கம். பத்திரிகை பார்த்தோம், ரொம்ப சந்தோஷம். பாப்பா கல்யாணத்துக்கு நாங்க நாலு பேரும் அம்மாவும் கண்டிப்பா வந்துடறோம். சனிக்கிழமை சாயங்காலமே வரவேற்புக்கு வந்து, ராத்திரி தங்கி, முகூர்த்தம் பார்த்துட்டுத்தான் கிளம்புவோம். தருமபுரியில இருந்து ஏதாவது வாங்கிட்டு வரணும்னா சொல்லுங்க மாமா. நேர்ல வர முடியலன்னு மனசுல வெச்சுக்காதீங்க, போட்டோ வந்ததே போதும். அத்தைய கேட்டதா சொல்லுங்க."

கடைசிக்கு முந்தின வரியை அம்மா சொல்லித்தான் சேர்த்தேன். நேரில் வந்து வைக்க முடியாத குறை அவர் மனதில் இருக்கும், அதை நாம்தான் எடுத்துப் போட வேண்டும் என்றார். பெண்ணின் முழுப் பெயரை நான் போடவில்லை. லென்ஸ் படித்துக் கொடுத்ததில் ஓர் எழுத்து மாறியிருந்தது, பெயரில் எழுத்துப்பிழையோடு வாழ்த்துவதைவிடப் "பாப்பா" நூறு மடங்கு மேல். மொய் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். "மொய் தவிர்க்கவும்" என்று பத்திரிகையிலேயே போட்டிருந்தாலும் சரி, அதைப் பதிலில் இழுக்காதீர்கள்.

அலுவலகத்தில் மேலதிகாரி அனுப்பிய பத்திரிகை என்றால் இவ்வளவு தேவையில்லை: "வணக்கம் சார். அழைப்பிதழ் கிடைத்தது, மிக்க மகிழ்ச்சி. ஞாயிறு காலை முகூர்த்தத்துக்கு நானும் மனைவியும் அவசியம் வருகிறோம். மணமக்களுக்கு எங்கள் வாழ்த்துகள்." போதும்.

குரூப்பில் வந்த பத்திரிகைக்குக் குரூப்பிலேயே பதில் போட்டால் அது நாற்பது "வாழ்த்துகள்" ஸ்டிக்கருக்கு நடுவே காணாமல் போய்விடும். தலைக்கணக்கு எடுப்பவருக்குத் தனியாக ஒரு தடவை அனுப்பிவிடுங்கள். அனுப்பும் முன் கையிலிருக்கும் காலண்டர் பதிவையும் செய்தியையும் பக்கத்தில் வைத்து, செய்தியில் சொன்ன கிழமையும் பதிவில் இருக்கும் கிழமையும் ஒன்றா என்று மட்டும் பாருங்கள். "சனிக்கிழமை வர்றோம்" என்று எழுதிவிட்டுக் காலண்டரில் ஞாயிறு மட்டும் இருந்தால், சனிக்கிழமை சாயங்காலம் நீங்கள் வீட்டில் சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருப்பீர்கள், அங்கே உங்களுக்கும் சேர்த்து உலை வைத்திருப்பார்கள்.

பத்து நிமிடத்தில் மாமாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. "ரொம்ப சந்தோஷம் மாப்ள. அக்காவ ரெண்டு நாள் முன்னாடியே அனுப்பி வை. ஞாயித்துக்கெழம இங்க சந்தை, வண்டிய மண்டபத்துக்கு உள்ளயே விட்டுடு, வெளிய விட்டா மத்தியானம் வரைக்கும் எடுக்க முடியாது."

முகூர்த்தப் பதிவின் விவரக் குறிப்பில் அதையும் சேர்த்தேன். அம்மாவுக்காக வியாழக்கிழமை காலை ஒரு புதுப் பதிவும் போட்டேன். இந்தத் தடவை பிப்ரவரிக்குப் போய், 5ஆம் கட்டத்தைக் கையால் தொட்டுத்தான்.